லேஅப்: "வலது, இடது" என்று சொல்லிக்கொண்டே தப்பான காலில் எம்புவது ஏன்?

தெம்பனிஸ் அம்மா · 5 ஜூலை, இரவு 9.20

மகள் தொடக்கநிலை 5. இணைப்பாட நடவடிக்கையில் கூடைப்பந்து சேர்ந்து ஆறு மாதம். வலது கைக்காரி. வலது பக்கத்திலிருந்து லேஅப் போகும்போது "வலது, இடது, எம்பு" என்று வாயால் சொல்லிக்கொண்டேதான் போகிறாள். பந்தைக் கையில் பிடித்தபடி நடந்து செய்தால் பத்துக்குப் பத்து சரி. தட்டிக்கொண்டு ஓடி வந்தால் பாதி நேரம் வலது காலிலேயே எம்பிவிடுகிறாள். பந்து பலகையில் மோதி எங்கேயோ போகிறது. இடது பக்கம் இன்னும் மோசம். போன ஆட்டத்தில் இரண்டு முறை டிராவலிங் விசில் வேறு. "காலைக் கவனி" என்கிறார் கோச். காலைக் கவனித்தால் பந்து கையை விட்டுப் போகிறது. எதைத் திருத்துவது?

ஜூரோங் மாமா · 5 ஜூலை, இரவு 9.48

இதுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்மா. வலது கைக்காரங்களுக்கு இடது கால்தான் எம்புற கால். உயரம் தாண்டுறவங்களைப் பாருங்க, பெரும்பாலும் இடது காலை ஊன்றித்தான் எழும்புவாங்க. அதனால ரெண்டு பக்கமும் இடது காலிலேயே எம்பச் சொல்லுங்க. ஒரே காலைப் பழக்கினா குழப்பமே வராது.

பலகைச் சதுரம் · 5 ஜூலை, இரவு 10.15

மாமா சொல்வதில் முதல் பாதி சரி. வலது கைக்காரர்கள் பலருக்கு இடது காலில் எம்புவது இயல்பாக வரும். இரண்டு பக்கமும் அதே கால் என்பதுதான் சரியில்லை. எந்தக் கால் என்பதை முடிவு செய்வது பந்தை விடுகிற கை. வலது கையால் விட்டால் இடது காலில் எம்ப வேண்டும், இடது கையால் விட்டால் வலது காலில்.

காரணத்தை ஒரு சுவர் முன்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம். இடது காலில் நின்று வலது முழங்காலை உயர்த்தி, வலது கையை எட்டுமட்டும் நீட்டி ஒரு விரல் தடம் வையுங்கள். பிறகு வலது காலில் நின்று இடது முழங்காலை உயர்த்தி, அதே வலது கையால் இன்னொரு தடம். இரண்டாவது கீழே இருக்கும். முழங்கால் மேலே போகும்போது அந்தப் பக்க இடுப்பும் தோளும் சேர்ந்து ஏறுகின்றன. தப்பான காலில் எம்பினால் பந்து வைத்திருக்கும் தோள் இறங்கி, உடம்பு பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். எட்டாத குறையைக் கை வீசி ஈடுகட்டப் பார்க்கும், பந்து பலகையில் அறையும். உங்கள் மகளின் பந்து எங்கேயோ போவது இதனால்தான்.

கேள்விக்கு வருகிறேன். நடந்தால் பத்துக்குப் பத்து வருகிறது என்றால் அவளுக்குக் கால் வரிசை தெரியும். கோளாறு காலில் இல்லை என்று நினைக்கிறேன். உறுதி செய்ய இரண்டு விவரம் வேண்டும். பக்கவாட்டில் நின்று, கைப்பேசியை இடுப்பு உயரத்தில் பிடித்து, மெதுவாக ஓடும் படமாகப் பத்து முயற்சி எடுங்கள். ஒவ்வொன்றிலும், கடைசித் தட்டலில் பந்து தரையைத் தொடும்போது எந்தக் கால் ஊன்றியிருந்தது? பந்து கைக்குள் அடங்கியது அடுத்த கால் தரையில் படுவதற்கு முன்பா, பின்பா? இந்த இரண்டை மட்டும் குறித்துப் போடுங்கள்.

ஐந்தாம் நம்பர் · 5 ஜூலை, இரவு 11.02

அக்கா, தப்பான கால்ல போறதும் ஒரு மூவ்தான். வலது கை, வலது கால். தடுக்க வர்றவன் இடது கால் எம்பலுக்காகக் காத்துட்டு இருப்பான், நாம ஒரு ஸ்டெப் முன்னாடியே பந்தை விட்டுடுவோம். பெரிய ஆட்டக்காரங்க நிறைய பேர் வேணும்னே செய்றாங்க. விட்டுடுங்க.

பலகைச் சதுரம் · 6 ஜூலை, காலை 7.30

தம்பி, அது உண்மையான உத்திதான். வேண்டும்போது செய்தால் உத்தி. இந்தப் பிள்ளை இடது காலில் எம்ப நினைத்து வலது காலில் எம்புகிறாள். அதை முதலில் பார்ப்போம்.

மூட்டுவலி 44 · 6 ஜூலை, காலை 8.05

லேஅப் போனால் எனக்கு இடது முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி. எம்பும் காலை மாற்றினால் சரியாகுமா? காலணி மாற்ற வேண்டுமா?

பலகைச் சதுரம் · 6 ஜூலை, காலை 8.40

அது வேறு விஷயம், தனி இழை போடுங்கள். நீடிக்கிற வலி என்றால் மருத்துவர் பார்க்காமல் எம்பும் காலை மாற்றாதீர்கள். சுமை அடுத்த முழங்காலுக்குப் போகும், அவ்வளவுதான்.

தெம்பனிஸ் அம்மா · 6 ஜூலை, இரவு 8.50

புளோக்குக்குப் பின்னாலுள்ள திடலில் எடுத்தோம். வலது பக்கம், பத்து முயற்சி.

கடைசித் தட்டல் இடது காலோடு விழுந்தது ஏழு முறை. அந்த ஏழில் நான்கு முறை வலது கால் தரையைத் தொடுமுன் பந்து கையில் இருந்தது. நான்கும் சரியான எம்பல். மற்ற மூன்றில் வலது கால் ஊன்றிய பிறகுதான் பந்து கைக்கு வந்தது. மூன்றும் தப்பு.

கடைசித் தட்டல் வலது காலோடு விழுந்தது மூன்று முறை. அதில் இரண்டு தப்பு, ஒன்று சரி. அந்த ஒன்றில் மட்டும் இடது கால் ஊன்றிய பிறகு பந்தைப் பிடித்திருக்கிறாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வரிசையில் சீக்கிரம் பிடித்தால் சரி, இன்னொன்றில் தாமதமாகப் பிடித்தால் சரி என்று வருகிறதே?

பலகைச் சதுரம் · 6 ஜூலை, இரவு 9.55

அருமையாகக் குறித்திருக்கிறீர்கள். பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

அவள் "வலது, இடது" என்று வாயால் சொன்னாலும், உடம்பு எண்ணுவது "பிடித்த பிறகு இரண்டு அடி". பந்து கைக்கு வந்ததும் அடுத்து விழும் கால் ஒன்று, அதற்கடுத்தது இரண்டு, உடனே எம்பல். இதை வைத்து உங்கள் பத்தையும் திரும்பப் பாருங்கள்.

இடது காலோடு தட்டி, வலது கால் விழுமுன் பிடித்தால் வலது ஒன்று, இடது இரண்டு. சரி. அதே தட்டலில் வலது கால் ஊன்றிய பிறகு பிடித்தால் எண்ணிக்கை இடதில் தொடங்கும். இடது ஒன்று, வலது இரண்டு. தப்பு. வலது காலோடு தட்டினால் எல்லாம் ஓர் அடி நகரும். சீக்கிரம் பிடித்தால் இடது ஒன்று, வலது இரண்டு, தப்பு. தாமதமாகப் பிடித்தால் வலது ஒன்று, இடது இரண்டு, தற்செயலாகச் சரி. பத்தும் பொருந்துகிறது.

ஆகவே திருத்த வேண்டியது கை. பந்து எப்போது பிடிபடுகிறது என்பது நிலையாகிவிட்டால் கால் தானாக வரிசைக்கு வரும். காலைப் பார்க்கச் சொன்னால் பிடிப்பு இன்னும் தாமதமாகும், அதனால் பிழை கூடும்.

இரண்டு மாற்றம் செய்யுங்கள்.

முதலாவது, வாய்ப்பாட்டு. "வலது, இடது" வேண்டாம். "தட்டு, பிடி, எம்பு" என்று சொல்லட்டும். மூன்று சொல், மூன்று கால். தட்டும்போது இடது, பிடிக்கும்போது வலது, எம்பும்போது இடது. ஒவ்வொரு சொல்லிலும் கை வேலையும் கால் வேலையும் ஒன்றாக நடக்கின்றன.

இரண்டாவது, கடைசித் தட்டலைத் தாழ்வாக, அழுத்தி அடிக்க வேண்டும். மற்றத் தட்டல்கள் மார்பளவு எழும்பினாலும் இது இடுப்பைத் தாண்டக்கூடாது. மெதுவாகத் தட்டிய பந்து தாமதமாகத் திரும்பி வரும். அதற்குள் வலது கால் ஊன்றிவிடும். உங்கள் பட்டியலில் இடது காலோடு தட்டித் தாமதமாகப் பிடித்த மூன்று தப்புகளும் அநேகமாக உயரத் தட்டியவையாகத்தான் இருக்கும், படத்தில் பாருங்கள். பந்தில் காற்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்தென்று விழும் பந்தை வைத்து இந்தத் தாளத்தைப் பழக முடியாது.

பயிற்சிக்கு வளையத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, வலப்பக்கச் சாய்வில், பலகைக்கு ஏறக்குறைய 45 பாகையில் நிற்கட்டும். ஓட்டம் வேண்டாம். இடது காலை முன்னே வைத்துக்கொண்டே ஒரே ஒரு தட்டல், வலது காலோடு பிடிப்பு, இடது காலில் எம்பல். இது பத்தில் ஒன்பது வரும்வரை பின்னால் போக வேண்டாம். பிறகு இரண்டு தட்டல், மூன்று தட்டல். 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து ஓடுவது கடைசியில்.

தெம்பனிஸ் அம்மா · 6 ஜூலை, இரவு 10.20

படத்தில் பார்த்தேன். ஆமாம், அந்த மூன்றிலும் பந்து நெஞ்சுக்கு மேல் வருகிறது.

மஞ்சள் அட்டை · 7 ஜூலை, பிற்பகல் 1.10

விசிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வார இறுதி ஆட்டங்களில் ஊதுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2017 அக்டோபரில் விதியை மாற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் பந்தைக் கட்டுப்பாட்டில் எடுக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது, அதுதான் பூஜ்ய அடி. அதற்குப் பிறகு விழும் கால்தான் முதல் அடி. கட்டுப்பாட்டுக்கு வந்த நேரத்தில் இரண்டு காலும் காற்றில் இருந்தால், முதலில் இறங்கும் காலே ஒன்று. ஆகவே மேலே சதுரம் போட்ட எண்ணிக்கையில் சரியான எம்பலும் தப்பான எம்பலும் இரண்டுமே விதிப்படி ஆட்டம்தான். தப்பான காலில் எம்பியதற்காக யாரும் ஊத மாட்டார்கள்.

என் ஊகம் இது. பிள்ளை இடது, வலது என்று வந்துவிடுகிறாள். கால் தப்பு என்று அவளுக்கே உறைக்கிறது. திருத்திக்கொள்ள இன்னோர் இடது வைக்கிறாள். அது மூன்றாவது அடி. அல்லது வலது காலிலேயே ஒரு சின்னத் துள்ளல் போடுகிறாள். ஒரே கால் அடுத்தடுத்து இரண்டு முறை தரையைத் தொடக்கூடாது, அதுவும் டிராவலிங். இரண்டில் எது என்று ஆட்டப் படத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பந்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்று, அங்கிருந்து "வலது, இடது, எம்பு" என்று போகிறார்களே, அந்தப் பயிற்சி ஆட்டத்தில் செல்லாது. நின்ற நிலையிலிருந்து வலது காலை எடுத்தால் இடது கால் ஊன்றுகால் ஆகிவிடும். அதைத் தூக்கலாம், ஆனால் பந்தை விடாமல் மறுபடி தரையில் வைக்க முடியாது. பூஜ்ய அடிச் சலுகை ஓடுகிறவருக்குத்தான், நிற்கிறவருக்கு இல்லை. பயிற்சியாகச் செய்வதில் தவறில்லை, பிள்ளைக்கு வித்தியாசத்தைச் சொல்லிவையுங்கள்.

ஜூரோங் மாமா · 7 ஜூலை, மாலை 6.30

பூஜ்ய அடி எல்லாம் எங்க காலத்துல இல்லை. பந்தைப் பிடிச்சா ரெண்டு கால், மூணாவது வச்சா விசில். இப்போ டிவியில பார்த்தா மூணு வைக்கிற மாதிரியே இருக்கே, எப்படி விடுறாங்கன்னு நினைச்சேன். இப்பதான் புரியுது.

அது சரி, ரெண்டு பக்கமும் இடது கால்னு நான் சொன்னதை வாபஸ் வாங்குறேன். சுவர்ல தடம் வச்சுப் பார்த்தேன், நாலு விரற்கடை வித்தியாசம்.

தெம்பனிஸ் அம்மா · 7 ஜூலை, இரவு 9.05

மஞ்சள் அட்டை சொன்னதில் முதலாவது. இரண்டு விசிலும் மூன்றாவது காலுக்குத்தான்.

பலகைச் சதுரம் · 7 ஜூலை, இரவு 9.40

அப்படியானால் அவளுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். இரண்டு அடி என்பது உச்சவரம்பு, இரண்டையும் வைத்தே தீர வேண்டும் என்று விதி இல்லை. தாமதமாகப் பிடித்து, வலது கால் ஏற்கெனவே தரையில் இருந்தால், அடுத்த இடதிலேயே எம்பிவிடலாம். ஓர் அடி மிச்சம், அவ்வளவுதான். கால் தப்பிவிட்டது என்று நடுவழியில் தெரிந்தால் அப்படியே தப்பான காலில் எம்பி முடிக்கட்டும். திருத்தப் போய் மூன்றாவது வைப்பதுதான் நட்டம்.

இடக்கையன் · 8 ஜூலை, காலை 10.15

நான் இடது கைக்காரன். வலது பக்கத்திலிருந்து போகும்போதும் இடது கையால்தான் விடுகிறேன், வலது காலில் எம்பி. சதுரம் சொன்ன கை, கால் விதிப்படி சரிதானே?

பலகைச் சதுரம் · 8 ஜூலை, பிற்பகல் 12.50

கால் சரி, கை இடம் மாறி இருக்கிறது. வலது பக்கத்திலிருந்து போனால் வளையமும் தடுக்கிறவரும் உங்கள் இடப்பக்கம். இடது கையில் பந்து இருந்தால் அதை நேரே அவர் கையில் நீட்டுகிறீர்கள். வலது கையில் இருந்தால் நடுவில் உங்கள் உடம்பு இருக்கும். யாரும் தடுக்காதபோது உள்கையால் விடுவதில் தவறில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் வெளிக்கைதான்.

தெம்பனிஸ் அம்மா · 12 ஜூலை, இரவு 8.15

நான்கு நாள், தினமும் கால் மணி நேரம். ஒரு தட்டல் பயிற்சி இப்போது பத்தில் ஒன்பது. மூன்று தட்டலோடு ஓடினால் பத்தில் எட்டு. "தட்டு, பிடி, எம்பு" அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் புதுப் பிரச்சினை. சரியான காலில் எம்பினாலும் பலகைக்கு அடியில் போய்விடுகிறாள். பந்து பலகையின் கீழ் விளிம்பில் இடிக்கிறது.

பலகைச் சதுரம் · 12 ஜூலை, இரவு 9.30

இரண்டு அடியும் ஒரே நீளமாக வைக்கிறாள். முதல் அடி நீளமும் தாழ்வும், தூரத்தைக் கடப்பதற்கு. இரண்டாவது குட்டை. ஓடி வந்த வேகத்தை மேலே திருப்பும் அடி அது. அந்தக் கால் உடம்புக்குச் சற்று முன்னால், குதிகால் பட்டு முன்பாதத்துக்கு உருள வேண்டும். இரண்டாவதும் நீளமாக இருந்தால் வேகம் திரும்பாது, ஆள் முன்னாலேயே பறப்பாள்.

தரையில் ஒட்டுநாடா போடுங்கள். எம்பும் இடத்தை வளையத்துக்கு நேர் கீழிருந்து சாய்வில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் குறியுங்கள். அதிலிருந்து எண்பது செண்டிமீட்டர் பின்னால் வலது காலுக்கு ஒரு குறி. அதிலிருந்து ஒன்றேகால் மீட்டர் பின்னால் தட்டலோடு வரும் இடது காலுக்கு இன்னொன்று. அவள் உயரத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாவது இடைவெளி குட்டையாக இருப்பதுதான் முக்கியம், எண்கள் இல்லை.

காதாலும் கண்டுபிடிக்கலாம். சரியாக வந்தால் தட்டலுக்கும் பிடிப்புக்கும் நடுவே நீண்ட இடைவெளி கேட்கும், பிடிப்புக்கும் எம்பலுக்கும் நடுவே குறுகிய இடைவெளி. டம்... ட-டம். மூன்றும் சம இடைவெளியில் கேட்டால் இரண்டாவது அடி நீளம்.

குறி வைக்க வேண்டிய இடம் பலகையிலுள்ள சதுரத்தின் அருகிலிருக்கும் மேல் மூலை. வலது பக்கம் வந்தால் வலது மேல் மூலை.

ஐந்தாம் நம்பர் · 12 ஜூலை, இரவு 10.10

மழை பெய்து நின்ற உடனே திடல்ல இதைச் செய்யாதீங்க அக்கா. பெயின்ட் அடிச்ச இடத்துல அந்தக் குட்டை ஸ்டெப்தான் முதல்ல வழுக்கும், குதிகால் ஊன்றுற ஸ்டெப் அதுதான். வீட்டுல பழகுறதா இருந்தா பந்து இல்லாம. இல்லாட்டி கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க.

தெம்பனிஸ் அம்மா · 19 ஜூலை, இரவு 9.00

வலது பக்கம் பத்தில் எட்டு, ஒன்பது. பலகைக்கு அடியில் போவது நின்றுவிட்டது. இடது பக்கம் தொடங்கினோம். வலது காலோடு தட்டல், இடது காலோடு பிடிப்பு, வலது காலில் எம்பல். நடந்தால் வருகிறது. ஓடினால் பத்தில் இரண்டு. மற்ற எட்டிலும் இடது காலில் எம்புகிறாள். மாமா முதலில் சொன்னதுபோல அது அவளுக்கு வலுவான கால் என்பதாலா?

பலகைச் சதுரம் · 19 ஜூலை, இரவு 10.05

கொஞ்சம் அதுவும்தான். ஆனால் முதலில் தட்டலின் உயரத்தைப் பாருங்கள். இடது கை பலவீனம் என்றால் பந்தை அழுத்த முடியாது. தட்டல் மெதுவாகும், பந்து தாமதமாக வரும், இடது கால் ஊன்றிய பிறகு பிடிப்பாள். பிறகு வலது ஒன்று, இடது இரண்டு. வலது பக்கத்தில் இருந்த அதே நோய், கண்ணாடியில். நின்ற இடத்தில் இடது கையால் முழங்கால் உயரத்துக்கு அழுத்தித் தட்டுவதை வாரம் முழுக்கச் செய்துவிட்டுப் பிறகு ஓடச் சொல்லுங்கள்.

பந்து என்ன அளவு?

தெம்பனிஸ் அம்மா · 19 ஜூலை, இரவு 10.12

வீட்டில் இருப்பது 7. அண்ணனுடையது.

பலகைச் சதுரம் · 19 ஜூலை, இரவு 10.20

அது பெரிய ஆண்கள் பந்து. அவள் வயதுக்கு 5 போதும். இடது கையால் அழுத்த முடியாததற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

மஞ்சள் அட்டை · 20 ஜூலை, காலை 9.15

ஒரு மாற்றுக் கருத்து. இந்த வயதில் இடது பக்கத்தில் கால் வரிசையை மட்டும் சரியாக்கிவிட்டு, பந்தைக் கொஞ்ச நாள் இரண்டு கையாலும் தூக்கி விடச் சொல்லலாம். இடது கை வலுப்பெற்ற பிறகு ஒரு கைக்கு மாறலாம். கையும் காலும் ஒரே நேரத்தில் புதிது என்றால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

பலகைச் சதுரம் · 20 ஜூலை, காலை 11.40

எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு கையால் தூக்கினால் தோள்கள் நேராகிவிடும், இடது முழங்கால் ஏறுவதன் பலன் போய்விடும். பிறகு ஒரு கைக்கு மாறும்போது எம்பலையே திரும்பக் கற்க வேண்டும். வளையத்துக்கு எட்டாவிட்டாலும் இடது கையாலேயே பலகைச் சதுரத்தை நோக்கி விடட்டும்.

மஞ்சள் அட்டை · 20 ஜூலை, பிற்பகல் 2.00

எட்டாத எறிதலை நூறு முறை செய்தால் தோளிலிருந்து வீசும் பழக்கம் வந்துவிடும். அதைக் கழற்றுவது இன்னும் கடினம். 2.60 மீட்டர் மினி வளையம் கிடைத்தால் உங்கள் வழி, 3.05 வளையம் மட்டும்தான் என்றால் என் வழி.

தெம்பனிஸ் அம்மா · 20 ஜூலை, இரவு 8.30

எங்கள் திடலில் 3.05 மட்டும்தான். 5 அளவுப் பந்து இன்று வாங்கினோம். இரண்டு வாரம் ஒரு கையால் விட்டுப் பார்க்கிறோம், எட்டவில்லை என்றால் இரண்டு கைக்குப் போகிறோம். பத்துப் பத்தாகக் குறித்து இங்கேயே போடுகிறேன்.